வாரம் ஒரு அத்தியாயம், மாதம் ஒரு மாதிரித் தேர்வு: சூளைக்காரர் கணக்கு

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பப் பட்டயம் முடித்துவிட்டு அங்கேயே தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு சூளையில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு, சில வருடம் கழித்து ஒரு கேள்வி வரும். இதற்கு மேல் என்ன? ஃப்யூஸ் கேரியர், மின் இன்சுலேட்டர், கொலு பொம்மை, டீ கப் என்று என்ன சுட்டாலும் சூளை சூளைதான், சம்பளம் சம்பளம்தான். அப்படி யோசிப்பவர்களில் சிலர் கையில் எடுப்பது எரிசக்தி மேலாளர், எரிசக்தி தணிக்கையாளர் சான்றிதழ் தேர்வு. பி.ஈ.ஈ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகத்தின் தேர்வு அது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 2001-ம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரிபொருளும் மின்சாரமும் செலவழிக்கும் பெரிய ஆலைகள் சான்றிதழ் பெற்ற எரிசக்தி மேலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். சிமெண்ட் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. விருத்தாசலத்தில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் அரியலூர் சிமெண்ட், இன்னொரு பக்கம் நெய்வேலி. சின்ன பீங்கான் சூளைகளை அந்தச் சட்டம் தொடுவதில்லை, ஆனால் அந்தச் சூளையில் கற்றது 1450 டிகிரியில் ஓடும் சிமெண்ட் சூளைக்கும் உதவும். பட்டயம் படித்தவருக்கு ஆறு வருட அனுபவம் வேண்டும் என்பது அறிவிக்கைகளில் வந்துள்ள விதி. ஆகவே இதை எழுதுபவர் பெரும்பாலும் கல்லூரி மாணவர் இல்லை. ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு, வீட்டில் பிள்ளைகள் தூங்கியபின் படிக்கிறவர்.

அப்படிப்பட்டவரின் திட்டம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். டீக்கடையில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"அண்ணே, மூணு புக்குல 27 பாடம். வாரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சாலும் ஆறு மாசத்துல முடிஞ்சிரும். மாசக் கடைசில ஒரு மாடல் டெஸ்ட். போதும்ல?"

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கும் சரி. பழைய பதிப்புப் புத்தகங்களின்படி முதல் தாளில் 9 அத்தியாயம், வெப்பம் சார்ந்த இரண்டாம் தாளில் 8, மின்சாரம் சார்ந்த மூன்றாம் தாளில் 10, மொத்தம் 27. ஆனால் இந்தத் திட்டத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று அத்தியாயத்தை அளவுகோலாக வைப்பது. இன்னொன்று மாதத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது. இரண்டாவதுதான் ஆளை ஏமாற்றும், அதனால் அதை முதலில் பார்ப்போம்.

தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். முதல் மூன்று தாள்களும் பல வருடங்களாக ஒரே வடிவத்தில் வந்தவை. 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்வி 50, ஐந்து மதிப்பெண் கேள்வி 8, பத்து மதிப்பெண் கேள்வி 6. நான்காம் தாள் தணிக்கையாளர் ஆக விரும்புபவருக்கு மட்டும். அது 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாகப் பாதி மதிப்பெண் எடுக்க வேண்டும். ஒரு தாளில் 120 எடுத்து இன்னொன்றில் 73 எடுத்தால் அந்த 120 இந்த 73-ஐத் தூக்கிவிடாது. தவறிய தாளை மட்டும் மறுபடி எழுதலாம் என்றாலும், தேர்வு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான். இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு வருடம். (வடிவம் எப்போது வேண்டுமானாலும் மாற்றப்படலாம். புது அறிவிக்கை வந்ததும் திட்டத்தைத் தொடுவதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.)

இப்போது ஒரு உதாரணம். எட்டு வருடம் சூளை பார்த்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் இரண்டாம் தாளை ஒழுங்காகப் படித்திருக்கிறார். ஒரு பழைய வினாத்தாளை எடுத்து எழுதுகிறார். பழைய வினாத்தாள்கள் விடையோடு இணையத்தில் கிடைக்கின்றன, மாதிரித் தேர்வுக்கு வேறு எதையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஒரு மதிப்பெண் பகுதியில் 50-க்கு 41 வாங்குகிறார். நூற்றுக்கு 82. பலர் இந்த இடத்திலேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். செல்போனில் கிடைக்கும் கேள்வித் தொகுப்புகளும் இந்த ஒரு பகுதி மாதிரிதான் இருக்கும், அதனால் நூற்றுக்கு எண்பது என்ற நினைப்பு மாதக்கணக்கில் நிலைத்துவிடும்.

அவர் மூடாமல் மீதியையும் எழுதினார் என்று கொள்வோம். ஐந்து மதிப்பெண் பகுதியில் 40-க்கு 17. பத்து மதிப்பெண் பகுதியில் 60-க்கு 15. மொத்தம் 73. தேர்ச்சிக்கு 75 வேண்டும். எண்பது சதவீத ஆள் பெயில்.

இதில் பதற ஒன்றுமில்லை, இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ஆனால் 73 என்ற எண்ணைக் காலண்டரில் குறித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போனால் அந்தத் தேர்வு வெறும் சடங்கு. அவர் செய்ய வேண்டியது, பெரிய கேள்விகளில் போன 68 மதிப்பெண்ணும் எதனால் போனது என்று பிரித்துப் பார்ப்பது. மூன்று குவியல் போதும். பாடமே தெரியாமல் போனது 18. பாடம் தெரியும், சூத்திரமும் தெரியும், ஆனால் அலகையோ வரையறையையோ மாற்றிப் போட்டதால் போனது 22. நேரம் இல்லாமல் தொடவே தொடாத இரண்டு பத்து மதிப்பெண் கேள்விகளும் பாதியில் விட்டவையும் சேர்த்து 28.

பாருங்கள், 68-ல் 50 மதிப்பெண் இன்னும் அதிகமாகப் படிப்பதால் திரும்பி வராது. அடுத்த மாதம் அதே அத்தியாயங்களை மறுபடி உட்கார்ந்து வாசித்தால் 18-ல் கொஞ்சம் மீளும், அவ்வளவுதான். மாதத் தேர்வின் பயன் இந்த ஒரு தகவல்தான்.

நேரக் குவியலுக்கு மருந்து எளிது. 180 நிமிடம், 150 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்விகள் ஐம்பதையும் 40 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஆறு நிமிடம் என்றால் எட்டுக்கு 48. பத்து மதிப்பெண் கேள்விக்கு 15 நிமிடம் என்றால் ஆறுக்கு 90. மொத்தம் 178. மூச்சு விட இரண்டு நிமிடம் மிச்சம். இதனால்தான் முதல் பகுதியில் ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தவருக்குக் கடைசியில் இரண்டு பெரிய கேள்வி தங்கிப்போகிறது. வாரத்தில் இரண்டு நாள் 15 நிமிடம் கடிகாரம் வைத்து ஒரே ஒரு பத்து மதிப்பெண் கணக்கு போடுவது, அந்த வாரம் முழுவதும் வாசிப்பதைவிட அதிகம் தரும்.

இரண்டாவது குவியல் இன்னும் சுவாரசியமானது. ஏனென்றால் சூளையில் வேலை பார்த்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள்.

ஒரு ஷட்டில் சூளையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காகப் போட்டவை. ஒரு லோடில் 2000 கிலோ சாமான். அதைத் தாங்கும் தட்டுகளும் கால்களும் 2500 கிலோ. 30 டிகிரியிலிருந்து 1230 டிகிரிக்குச் சூடாக்க 400 கிலோ எல்.பி.ஜி. ஆகிறது. சூளையில் இதை யாரும் கிலோவில் சொல்ல மாட்டார்கள், "லோடுக்கு 21 சிலிண்டர்" என்பார்கள். எல்.பி.ஜி.யின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 12,500 கிலோகலோரி. ஆக உள்ளே போன வெப்பம் 50 லட்சம் கிலோகலோரி. சாமானின் தன்வெப்பம் 0.25 என்றால், 2000 கிலோவை 1200 டிகிரி உயர்த்த 6 லட்சம் கிலோகலோரி. திறன் 12 சதவீதம்.

சூளைக்காரரின் மனம் இதை ஏற்காது. தட்டும் சேர்ந்துதானே சூடாகிறது, தட்டு இல்லாமல் சாமானை எங்கே வைப்பது? அதனால் தட்டுக்கும் 7.5 லட்சம் சேர்த்து, 13.5 லட்சத்தை 50 லட்சத்தால் வகுத்து 27 சதவீதம் என்று எழுதிவிடுவார். தேர்வில் அது தவறு. பயனுள்ள வெப்பம் என்பது விற்கப்போகிற சாமானுக்குள் போன வெப்பம் மட்டுமே, தட்டுக்குப் போனது இழப்பு. இதைப் புத்தகம் படித்தவர் சரியாக எழுதுவார், அனுபவம் உள்ளவர் தவறாக எழுதுவார். ஆனால் அந்த வித்தியாசம் ஒருமுறை உறைத்துவிட்டால், எடை குறைந்த தட்டு போட்டால் ஏன் கேஸ் மிச்சமாகிறது என்பதை அவரைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது.

இன்னொன்று, உபரிக் காற்று. புகைபோக்கியில் ஆக்சிஜன் 7 சதவீதம் என்றால் உபரிக் காற்று எவ்வளவு? காற்றில் இருப்பது 21, ஆகவே 7-ஐ 21-ஆல் வகுத்து 33 சதவீதம் என்று எழுதுவது வழக்கமான தவறு. 7-ஐ 21-லிருந்து 7 கழித்த 14-ஆல் வகுக்க வேண்டும். விடை 50 சதவீதம். இதற்கு அடுத்து, உபரிக் காற்றைக் குறைத்தால் எரிபொருள் மிச்சம் என்று எழுதச் சொன்னால் சூளைக்காரர் தயங்குவார். பால் களிமண்ணில் இருக்கும் கரிப்பொருள் எரிந்து போகாவிட்டால் சாமானின் நடுவில் கறுப்பு தங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும், அதற்காகச் சுடுதலின் முதல் பாதியில் காற்றைத் தாராளமாக விடுபவர் அவர். அவர் செய்வது சரி. தேர்வுக் கேள்வியும் சரி. கேள்வி எரிப்பைப் பற்றிக் கேட்கிறது, சாமானைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுவதும் ஒரு பயிற்சிதான்.

இனி முதல் ஓட்டைக்கு வருவோம், அத்தியாயக் கணக்கு. 27 அத்தியாயமும் ஒரே எடை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எடையைப் பக்க எண்ணிக்கையால் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, அந்தப் பாடம் படிக்கிறவருக்கு எவ்வளவு அந்நியம் என்பது. சூளைக்காரருக்கு எரிபொருளும் உலையும் வெப்பம் தாங்கும் கல்லும் சொந்த வீடு. பால் மில், ஃபில்டர் பிரஸ், புளோயர், கம்ப்ரசர் எல்லாம் பார்த்தவை என்பதால் மோட்டாரும் அழுத்தக் காற்றும் விசிறியும் அவ்வளவு பயமில்லை. ஆனால் நீராவியை அவர் தொட்டதே இல்லை. குளிரூட்டும் அமைப்பும், கூலிங் டவரும் அப்படித்தான். இவற்றுக்கு ஒரு வாரம் போதாது.

அவருக்கு 26 வாரம் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். முதலில் இரண்டாம் தாளுக்கு எட்டு வாரம்: எரிபொருளும் எரிப்பும் ஒன்று, கொதிகலன் இரண்டு, நீராவி இரண்டு, உலையும் காப்புக் கற்களும் சேர்த்து ஒன்று, மிதவைப் படுகைக் கொதிகலனும் இணை மின்னுற்பத்தியும் ஒன்று, வீண் வெப்ப மீட்பு ஒன்று. பிறகு மூன்றாம் தாளுக்குப் பத்து: மின் அமைப்புக்கு இரண்டு, மோட்டார் ஒன்று, அழுத்தக் காற்று ஒன்று, குளிரூட்டலுக்கு இரண்டு, விசிறிக்கும் பம்புக்கும் சேர்த்து இரண்டு, கூலிங் டவர் ஒன்று, விளக்கு, டீசல் ஜெனரேட்டர் மற்றும் மீதிக்கு ஒன்று. முதல் தாளுக்கு நான்கு வாரம் போதும். அதில் பொருள், ஆற்றல் சமநிலைக் கணக்குக்கு ஒரு வாரமும் நிதிக் கணக்குக்கு ஒரு வாரமும் போக மற்றவை வாசிப்புதான். பலர் புத்தக வரிசைப்படி முதல் தாளில் தொடங்கி, உலக எரிசக்தி நிலவரத்தை ஒரு மாதம் படித்துக் களைத்துப் போகிறார்கள். அந்தப் புள்ளிவிவரம் கடைசி மாதத்தில் படித்தால்தான் நினைவிலும் நிற்கும்.

இதுவரை 22 வாரம். மீதி நாலு வாரம் காலி. அவற்றைக் கடைசியில் சேர்த்து வைக்கக் கூடாது, ஐந்தாறு வாரத்துக்கு ஒன்றாகத் தூவ வேண்டும். இரவு ஷிஃப்ட் வாரத்தில் பாதிதான் நடக்கும், மாசி மகம் வரும் வாரத்தில் வீடு நிறைய உறவினர்கள். காலி வாரம் இல்லாத திட்டம் முதல் தவறலிலேயே சரிந்துவிடும். ஒருமுறை மூன்று அத்தியாயம் பின்தங்கிய பிறகு அந்த அட்டவணையை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

வாரம் முடிந்தது என்பதற்கு அடையாளம் என்ன? அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிவிட்டோம் என்பது அடையாளமாகாது. புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பாடத்திலிருந்து பழைய தாள்களில் வந்த மூன்று கணக்குகளை விடை பார்க்காமல் போட முடிந்தால் முடிந்தது. இரண்டு வந்தாலும் பரவாயில்லை, ஒன்றுகூட வராவிட்டால் அந்த வாரம் அடுத்த வாரத்துக்குள் நீள்கிறது. காலி வாரம் இருப்பது அதற்காகத்தான்.

தணிக்கையாளர் ஆக வேண்டுமென்றால் நான்காம் தாளைக் கடைசிக்குத் தள்ளுவது பெரிய தவறு. புத்தகம் பார்த்து எழுதுவதுதானே என்ற அலட்சியம் அதற்குக் காரணம். அதில் 80 மதிப்பெண் நான்கு இருபது மதிப்பெண் கணக்குகளில் இருக்கிறது, நேரம் இரண்டே மணி. பக்கம் புரட்ட ஆரம்பித்தால் முடிந்தது கதை. அந்தத் தாளின் பாடங்கள் கொதிகலன், உலை, பம்பு, விசிறி என்று பெரும்பாலும் மற்ற இரண்டு தாள்களின் பாடங்களேதான், செயல்திறன் மதிப்பீடு என்ற கோணத்தில். ஆகவே இரண்டாம் தாளில் கொதிகலன் முடிந்த அதே வாரத்தில் நான்காம் தாளின் கொதிகலனையும் படித்துவிட வேண்டும். அப்போது கொதிகலனுக்கு இரண்டு வாரம் ஏன் கொடுத்தோம் என்பதும் புரியும்.

மாதத் தேர்வுகளின் வரிசையும் முக்கியம். முதல் இரண்டு மாதக் கடைசியிலும் இரண்டாம் தாள். முதல் முறை பாதிப் பாடம்தான் முடிந்திருக்கும், இருந்தாலும் முழுத் தாளை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும், படித்த பாடங்களின் கேள்விகளை மட்டும் திருத்திக்கொள்ளலாம். மூன்றாம், நான்காம் மாதங்களில் மூன்றாம் தாள். ஐந்தாம் மாதத்தில் மறுபடி இரண்டாம் தாள். இங்கேதான் பலர் முகம் சுளிப்பார்கள், முடித்ததை ஏன் மறுபடி என்று. மூன்று மாதம் தொடாமல் கிடந்த பாடம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறிய வேறு வழியில்லை. இரண்டாம் மாதக் கடைசியில் 73-ஐக் குவியல் பிரித்துச் சரிசெய்து 90-க்குக் கொண்டுபோனவருக்குக்கூட இப்போது 70 வரலாம். அது கெட்ட செய்தி அல்ல, ஆறாம் மாதத்தின் மாலை நேரங்களை எதற்குச் செலவிடுவது என்பதற்கான பதில். ஆறாம் மாதக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு பார்த்து எல்லாத் தாள்களையும் இரண்டு நாளில் எழுதிப் பார்க்க வேண்டும். உண்மையான தேர்வும் அப்படித்தான் அடுத்தடுத்து நடக்கும், மதியத் தாளில் கை வலிப்பது எப்படி என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது.

திருத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. தன் தாளைத் தானே திருத்தினால் மனம் தாராளமாகிவிடும். அலகு எழுதாத விடைக்கு "எனக்குத் தெரியும்" என்று முழு மதிப்பெண் போட்டுக்கொள்வோம். தொழிற்பேட்டையில் இதே தேர்வுக்குப் படிக்கும் இன்னொருவர் இருந்தால் தாளை மாற்றிக்கொள்ளலாம். யாரும் இல்லையென்றால் எழுதிய தாளை ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டுப் பிறகு எடுத்துத் திருத்த வேண்டும். ஒரு வாரம் கழித்துப் படிக்கும்போது, தன் கையெழுத்தில் 27 சதவீதம் என்று இருப்பதைப் பார்த்து, தட்டையும் சேர்த்துவிட்டோமே என்று அவரே சொல்வார்.